23 மிஸ்டு காலும் போகாமல் விட்ட ஓர் இரவும்

கேள்வி: "நானும் அவரும் பழகி இரண்டு வருடம் ஆகிறது. ரொம்பப் பாசமானவர், ஆனால் பொறாமை ஜாஸ்தி. ஆபீஸில் கூட வேலை செய்பவரோடு நான் சிரித்துப் பேசியதைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். வேலை முடிந்து கிளம்பும்போது லைவ் லொகேஷன் போடச் சொல்வார். ஒருநாள் என் போனை பையில் சைலண்டில் போட்டு மறந்துவிட்டேன். 40 நிமிடத்தில் 23 மிஸ்டு கால். கல்லூரித் தோழன் ஒருவன் நம்பரை அழிக்கச் சொன்னார், அழித்துவிட்டேன். தோழிகளோடு ஒரு ராத்திரி வெளியூரில் தங்கப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, 'போ, உன் இஷ்டம்' என்றார். நானே போகவில்லை. கோபம் தணிந்ததும் அழுது மன்னிப்புக் கேட்பார். இது அக்கறையா, கட்டுப்படுத்துவதா?"

பதில்:

படித்ததும் பலருக்கும் அந்த 23 தான் கண்ணில் படும். எனக்குப் பட்டது "நானே போகவில்லை" என்ற இரண்டு சொற்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தம்பதிகளோடும் காதலர்களோடும் உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடமாக என் வேலை. உங்கள் கேள்வியை ஆண்களும் கேட்பார்கள், பெண்களும் கேட்பார்கள். எல்லோரும் அக்கறை, கட்டுப்பாடு இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே சாயங்காலத்தில்கூட இருக்கலாம். அவருக்கு உங்கள்மேல் உண்மையான பாசம் இருக்கலாம், அதே பாசத்தோடு உங்கள் கையைக் கட்டவும் செய்யலாம். அதனால் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பதை விடுங்கள். அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பல சமயம் அவருக்கே தெரியாது. நடந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

பொறாமையை அளப்பதற்கு உளவியலில் 1989 முதல் புழங்கும் ஓர் அளவுகோல் அதை மூன்றாகப் பிரிக்கிறது: மனதில் ஓடும் சந்தேகம், உள்ளே எழும் உணர்ச்சி, அதனால் செய்யும் செயல். எனக்கு இந்தப் பிரிப்பு ரொம்ப உதவுகிறது. வயிற்றைப் பிசைகிற அந்த உணர்ச்சி யாருக்கும் வரும், அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வந்த பிறகு அந்த ஆள் அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தன் தோளிலேயே சுமந்துகொண்டு "எனக்கு இப்படி இருக்கிறது" என்கிறாரா, இல்லை உங்கள் தலையில் ஏற்றிவிட்டு "நீ இனிமேல் இப்படி இரு" என்கிறாரா?

கூட வேலை செய்பவர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி அவர், "நீ அவரோடு சிரித்துப் பேசினதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அது பொறாமைதான், ஆனால் அதில் உங்களுக்கு எந்த உத்தரவும் இல்லை. நீங்கள் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்வீர்கள், முடிந்தது. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் பேசுவதையே நிறுத்துகிறார். நீங்கள் "என்ன ஆச்சு?" என்று கேட்டிருப்பீர்கள், "ஒன்றுமில்லை" என்று பதில் வந்திருக்கும். இந்த மௌனம் எப்போது கலைகிறது என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கே மனம் ஆறி, தானாக வந்து பேசுகிறாரா? அல்லது நீங்கள் சமாதானப்படுத்தி, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டு, "இனிமேல் அவரோடு அவ்வளவாகப் பேசமாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் முகம் மலர்கிறதா? இரண்டாவது என்றால் அந்த மௌனம் வருத்தமாக இருந்த நேரம் கொஞ்சம்தான், மிச்ச நேரமெல்லாம் அது ஓர் அபராதம். வாய் திறந்து எதையும் தடுக்கவில்லை என்று அவர் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் மறுநாள் அந்த நபர் பக்கத்தில் வந்து நின்றதும் உங்கள் உடம்பு விறைத்ததா இல்லையா? உத்தரவு செய்ய வேண்டிய வேலையை மௌனம் செய்துவிட்டது.

லைவ் லொகேஷனை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு நான் எதையும் சொல்லமாட்டேன். இரண்டு பேரும் இருப்பிடத்தைப் பகிர்ந்துகொண்டு நிம்மதியாக இருக்கிற எத்தனையோ ஜோடிகள் இருக்கிறார்கள். வாட்ஸப்பில் அதைப் போடும்போது 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு காட்டும். ராத்திரி தாமதமாகக் கிளம்புகிறீர்கள், வழிப் பயணத்துக்கு 1 மணி நேரம் போடுகிறீர்கள், வந்து சேர்ந்ததும் நிறுத்துகிறீர்கள் என்றால் அது அந்தப் பயணத்தைப் பற்றிய அக்கறை. வேலை முடிவது சாயங்காலம் 5 மணிக்கு, வெளிச்சம் இருக்கிறது, தினமும் போகிற வழி, ஆனாலும் 8 மணி நேரத்துக்குப் போடச் சொல்கிறார் என்றால் பாதுகாப்பு என்ற காரணம் அங்கே பொருந்தவில்லை. இதைவிடத் தெளிவான அடையாளம் அதற்கப்புறம் வருகிற பேச்சில் இருக்கும். "வந்துட்டியா?" என்று கேட்பது ஒன்று. "அந்தத் திருப்பத்தில் ஆறு நிமிடம் ஏன் நின்றாய்?" என்று கேட்பது வேறு. முதலாமவர் நீங்கள் வந்து சேர்ந்ததைப் பார்க்கிறார், இரண்டாமவர் நீங்கள் தடுமாறுவதைப் பார்க்கக் காத்திருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "நானும்தான் என் லொகேஷனைப் போடுகிறேன், என் போன் பாஸ்வேர்டும் உன்னிடம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். சமநீதி மாதிரி இருக்கும். ஆனால் அவர் கொடுப்பது அவருக்குக் கொடுக்கப் பிடித்த ஒன்றை, நீங்கள் கொடுப்பது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை. அப்புறம் எப்படி அது சமமாகும்?

சரி, அந்த 23 அழைப்புக்கு வருவோம். 40 நிமிடத்தில் 23 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றுக்கும் மேல். அந்த நேரம் அவர் வேறு எதுவும் செய்யவில்லை, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பயந்துபோன மனிதனும் அப்படிச் செய்யலாம், அதனால் எண்ணிக்கை மட்டும் போதாது. கடைசியில் நீங்கள் போனை எடுத்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். "அப்பாடா, நல்லா இருக்கியா?" என்றாரா, "எங்கே இருக்கே, யார்கூட இருக்கே?" என்றாரா? உங்களுக்காகப் பயந்தவருக்கு உங்கள் குரல் கேட்டதும் பயம் போய்விடும். கோபம் வரலாம், "ஒரு மெசேஜ் போட்டிருக்கக் கூடாதா" என்று திட்டலாம், ஆனால் விஷயம் அங்கேயே தணியும். உங்களைச் சந்தேகப்பட்டவருக்கு உங்கள் குரல் கேட்ட பிறகுதான் விசாரணையே தொடங்கும்: போன் எங்கே இருந்தது, பை எங்கே இருந்தது, பக்கத்தில் யார், நம்பும்படி ஒரு போட்டோ அனுப்பு. நீங்கள் பத்திரமாக இருப்பது தெரிந்த பிறகும் கேள்வி நிற்கவில்லை என்றால், அது உங்கள் பத்திரத்தைப் பற்றிய கேள்வியாக எப்படி இருக்க முடியும்?

கல்லூரித் தோழனின் நம்பரை அழித்த விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "சின்ன விஷயம்தானே, அழித்துவிட்டால் சண்டை முடிந்துவிடும்" என்று எல்லோரும் நினைப்பது இந்த இடத்தில்தான். என்னிடம் வந்த ஒரு பெண்ணும் அப்படித்தான் நினைத்தார். முதலில் ஒரு நம்பர். ஒரு மாதம் நிம்மதி. அப்புறம் பழைய வகுப்புக் குழுவில் ஆண்கள் இருக்கிறார்கள் என்று அதிலிருந்து வெளியேறினார். அதற்கடுத்த நிம்மதி இரண்டு வாரம்தான். பிறகு சமூக ஊடகத்தில் அவர் படத்துக்கு யார் விருப்பம் தெரிவிக்கிறார்கள் என்ற கணக்கு. கடைசியில் போனை ஒவ்வொரு ராத்திரியும் தன் துணையிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுமே கிடைக்காதபோது வந்த வார்த்தை, "எல்லாவற்றையும் அழித்துவிட்டாய், அதனால்தான் ஒன்றும் இல்லை." ஏதாவது இருந்தால் அது ஆதாரம், எதுவும் இல்லாவிட்டால் அதுவும் ஆதாரம்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், சந்தேகம் எழும்போது மனம் பதறுகிறது. சோதித்துப் பார்த்தால் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம் சுகமாக இருப்பதால், அடுத்த முறை பதற்றம் வந்ததும் மனம் நேராகச் சோதனைக்கே ஓடுகிறது. பொறுத்துக்கொண்டு அதைத் தானாக அடங்கவிடுகிற பழக்கம் மெல்லத் தேய்கிறது. கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவர் பத்தாவது தடவை முதல் தடவையைவிட நிம்மதியாக இருப்பதில்லை, அதே கதைதான். ஆகவே நீங்கள் விட்டுக்கொடுத்தது அவருக்குக்கூட நல்லது செய்யவில்லை. நாளைக்கு வரப்போகும் பதற்றத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறீர்கள்.

துணையாக இருப்பவர் இப்படி எதையுமே கேட்கக் கூடாதா என்றால், கேட்கலாம். அந்தத் தோழன் நடுராத்திரியில் உங்களுக்கு அசட்டுத்தனமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால், "இது என்னை உறுத்துகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்பது நியாயம். நீங்கள் முன்பு ஒருமுறை நம்பிக்கையை உடைத்திருந்தால், அதைச் சரிசெய்யும் காலத்தில் கொஞ்ச நாள் எல்லாவற்றையும் திறந்து காட்டுவது என்று இருவரும் பேசி முடிவெடுப்பதும் உண்டு. அதிலெல்லாம் ஒரு குறிப்பான காரணம் இருக்கும், ஒரு முடிவுத் தேதி இருக்கும், நீங்கள் "முடியாது" என்றால் பேச்சு தொடரும். உங்கள் விஷயத்தில் அவர் என்ன காரணம் சொன்னார்? அது உங்கள் கேள்வியில் இல்லை. எழுத மறந்தீர்களா, இல்லை அவர் காரணமே சொல்லவில்லையா என்று யோசியுங்கள்.

இப்போது அந்த வெளியூர் இரவு. "போ, உன் இஷ்டம்" என்பது அனுமதிபோல இருக்கிறது. நீங்கள் ஏன் போகவில்லை? ஊகிக்கிறேன்: போனால் என்ன நடக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்கள். ராத்திரி எத்தனை தடவை போன் வரும், எடுக்காவிட்டால் என்ன ஆகும், திரும்பி வந்த பிறகு எத்தனை நாள் முகம் வாடியிருக்கும், எவ்வளவு சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். கூட்டிப் பார்த்ததும் தோழிகளோடு கிடைக்கிற சந்தோஷம் அந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே "நானே" போகவில்லை. அந்த முடிவை எடுத்தது நீங்கள்தான், ஆனால் விலையை நிர்ணயித்தது அவர்.

2015இல் இங்கிலாந்தும் வேல்ஸும், அடி உதை எதுவும் இல்லாமலே துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்துவதைத் தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்த்தன. 5 வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அந்தச் சட்டம் பார்க்கிற விஷயங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவரின் அன்றாட வாழ்க்கை எந்த அளவு மாறிப்போயிருக்கிறது என்பது. உங்களவர் குற்றவாளி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை அது சரியாகப் பிடித்திருக்கிறது. கட்டுப்பாட்டின் தடயம் அவர் நடத்தையில் மங்கலாகத் தெரியும், உங்கள் நாளில் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு பெண் சொன்னது எனக்கு மறக்கவில்லை. கணவரிடமிருந்து வீடியோ கால் வந்ததும், "ஹலோ" சொல்வதற்கு முன்பே கேமராவை ஒரு சுற்றுச் சுற்றி அறை முழுவதையும் காட்டிவிடுவாராம். கணவர் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. "இப்போதெல்லாம் அவர் என்னை நம்புகிறார்" என்று அந்தப் பெண் நிம்மதியாகச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. சண்டை குறைந்ததை வைத்து உறவு தேறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. நீங்கள் முழுக்க வளைந்துகொடுத்தாலும் சண்டை குறையும். அவரைச் சந்திப்பதற்கு முந்தைய வருடம் நீங்கள் எப்படி வாழ்ந்தீர்களோ, அதில் எதெல்லாம் இப்போது இல்லை என்று ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எனக்கே வேண்டாம் என்று தோன்றியதால் கைவிட்டதா, அவர் முகத்தை நினைத்துக் கைவிட்டதா என்றும் எழுதுங்கள்.

அழுது மன்னிப்புக் கேட்கிறார் என்கிறீர்கள். அந்தக் கண்ணீர் நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் நடிப்பு இல்லை. கண்ணீருக்கு அடுத்து வருகிற வாக்கியத்தைக் கவனியுங்கள். "நீ மட்டும் போனைப் பார்த்திருந்தால் நான் இப்படி ஆகியிருக்கமாட்டேன்" என்று முடிந்தால், அழுததற்கும் சேர்த்து உங்கள் பெயரில்தான் ரசீது எழுதப்படுகிறது. "அடுத்த முறை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன்" என்று முடிந்து, நிஜமாகவே அடுத்த முறை இரண்டு கால் மட்டும் வந்தால் அது மன்னிப்பு. உங்களிடம் கால் பதிவு இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிடலாம்.

என் கருத்தைக் கேட்டால்: மௌனத்தையும் லொகேஷனையும் வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அழித்த நம்பரும் போகாத இரவும் சேர்ந்தபோது இது கட்டுப்படுத்தும் பழக்கமாகத்தான் தெரிகிறது. ஆரம்ப நிலையா, ஊறிப்போனதா என்பது கடிதத்திலிருந்து தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி, சின்னதாக ஒரு "முடியாது" சொல்லிப் பார்ப்பது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அவர் எப்போதாவது உங்களை அடித்திருந்தால், கழுத்தைப் பிடித்திருந்தால், வெளியே போகவிடாமல் வாசலை மறித்திருந்தால், பொருளை உடைத்திருந்தால், உங்களைக் கொல்வேன் அல்லது நான் சாவேன் என்று மிரட்டியிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். குறிப்பாகக் கழுத்தை நெரிப்பது. ஒரே ஒரு தடவை என்றாலும், பின்னால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதற்கான மிக வலுவான அறிகுறிகளில் ஒன்றாக அதை இந்தத் துறையில் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் திடீரென்று எதையும் மறுப்பதோ, விட்டுப் போகிறேன் என்று அறிவிப்பதோ ஆபத்தைக் கூட்டும். நம்பகமான ஒருவரிடமும், குடும்ப வன்முறைக்கான உதவி எண்ணிலும் முதலில் பேசுங்கள். அவர் பார்க்க முடியாத வேறொரு போனிலிருந்து பேசுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால், இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நேரத்தில் சொல்லுங்கள்: "இனிமேல் பகலில் லொகேஷன் போடப் போவதில்லை. ராத்திரி தாமதமானால் 1 மணி நேரத்துக்குப் போடுகிறேன், வந்ததும் மெசேஜ் பண்ணுகிறேன்." இவ்வளவுதான். காரணங்களை அடுக்காதீர்கள். அடுக்கினால் ஒவ்வொன்றையும் வாதாடி உடைக்கலாம் என்று ஆகிவிடும். அதன் பிறகு மூன்று வாரம் கவனியுங்கள். முதல் சில நாள் எரிச்சல், முகம் தூக்கல், வாக்குவாதம் எல்லாம் வரும். நல்ல மனிதருக்கும் வரும், பழகிய நிம்மதி கையை விட்டுப் போகிறதே. அதற்குப் பயந்து பின்வாங்காதீர்கள். அந்த நாட்கள் கழிந்ததும் உங்கள் முடிவு நிற்கிறதா என்பதுதான் விஷயம். முணுமுணுத்துக்கொண்டாவது அவர் அதை ஏற்றுக்கொண்டு, தன் பதற்றத்தை வேறு வழியில் சமாளிக்கப் பார்த்தால், தேவைப்பட்டால் ஓர் ஆலோசகரிடம் போகச் சம்மதித்தால், நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது.

மூடிய கதவுக்குப் பதிலாக வேறொரு கதவு திறந்தால் பதில் கிடைத்துவிட்டது. லொகேஷன் நின்றதும் ஆபீஸ் வாசலில் "சும்மா வந்தேன்" என்று நிற்கலாம். உங்கள் தோழியிடம் போன் போட்டு விசாரிக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் போனுக்குள் புகுந்திருக்கலாம். வாட்ஸப் அமைப்பில் Linked devices என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் உடனே நீக்காமல் முதலில் ஒரு படம் எடுத்து, நம்புகிற ஒருவரிடம் காட்டுங்கள். நீக்கினால் அவருக்குத் தெரிந்துவிடும், எப்போது தெரிய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மூன்று வாரம் சுமாராகக் கழிந்தால், தோழிகள் மறுபடி எப்போது கிளம்புகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை "போகட்டுமா?" என்று கேட்காதீர்கள். "சனிக்கிழமை போகிறேன், ஞாயிறு மத்தியானம் வந்துவிடுவேன்" என்று சொல்லுங்கள். அவர் மறுபடியும் "போ, உன் இஷ்டம்" என்றால், அந்த வார்த்தைக்கு அகராதியில் என்ன அர்த்தமோ அதையே எடுத்துக்கொண்டு, "சரி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து வையுங்கள்.